கடையில் வாங்கிய வினிகர்

நான் வேதியியல் நடத்தும் பள்ளி தண்டையார்பேட்டையில் இருக்கிறது. பெண்கள் மேல்நிலைப் பள்ளி. ஆய்வகம் மாடியில், கிழக்கு ஓரத்தில். ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் சத்தம், மூடினால் அமில நெடி. பெரும்பாலும் சத்தத்தையே தேர்ந்தெடுப்போம்.

இந்த வேலைக்கு வருமுன் சில ஆண்டுகள் ஒரு நாளிதழின் செய்திப்பிரிவில் இருந்தேன். அங்கே ஒரு பழக்கம் உண்டு. விபத்துச் செய்தியில் போலீஸ், ஆஸ்பத்திரி, நேரில் பார்த்தவர் மூவரும் ஒரே பலி எண்ணிக்கையைச் சொன்னால், மூவரும் ஒரே ஆளிடம் கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு இன்னொரு போன் போடுவோம். பள்ளி ஆய்வகத்தில் நிலைமை நேரெதிர். தரம்பார்த்தல், அதாவது அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது, செய்யும் மாணவிக்கு இரண்டு அளவீடுகள் ஒன்றுபோல் வரவேண்டும் என்பது விதி. வராவிட்டால் திரும்பச் செய்யவேண்டும் என்பது அதன் பொருள். நடைமுறையில் அதன் பொருள், ஒன்றுபோல் எழுதவேண்டும் என்பதுதான். முதல் தடவை 9.8, இரண்டாம் தடவை 10.1 என்று வந்தால், பெஞ்சில் ஒரு பார்வைப் பரிமாற்றம் நடக்கும். இரண்டும் 9.9 ஆகிவிடும். நான் படித்தபோதும் அப்படித்தான்.

அந்த ஆண்டு அறிவியல் கண்காட்சிக்கு பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் இரண்டிரண்டு பேராகத் தலைப்பு எடுத்தார்கள். ஒரு ஜோடி வினிகரை எடுத்தது. ஜோடியில் ஒருத்தி கொருக்குப்பேட்டையிலிருந்து வருபவள். குறைவாகப் பேசுவாள், கணக்கை அடித்தல் இல்லாமல் போடுவாள். அவள் அப்பா வினிகர் தயாரிக்கிறார். வீட்டை ஒட்டிய ஷெட்டில் அடர் அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து, பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டி, சில்லி சிக்கனும் நூடுல்ஸும் விற்கும் தள்ளுவண்டிகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் போடுகிறார். லேபிளில் நான்கு சதவீதம் அமிலம் என்று அச்சிட்டிருக்கும். 'நாம் சாப்பிடும் வினிகரில் எவ்வளவு அமிலம்?' என்ற தலைப்பு அவள் யோசனை. அப்பா ஒரு பை நிறையப் பாட்டில் கொடுத்தனுப்பினார். "எங்க நைனா சரக்கு மிஸ்" என்று ஒன்றை என் மேஜைமேல் வைத்தாள். அவளிடமிருந்து வகுப்பில் நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான்.

மற்றவள் அவள் தோழி. ராயபுரம். இரண்டு பேருக்கும் சேர்த்து இவளே பேசிவிடுவாள்.

அவர்கள் சோதனை செய்த நாளில் நான் ஆய்வகத்தில் இல்லை. நடந்ததைப் பின்னர் தெரிந்துகொண்டேன். மறுநாள் கணக்குக்காரி, அந்த வினிகர்காரரின் மகள், ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், டாபிக் மாத்திக்கலாமா? எலுமிச்சம்பழம் பண்றோம்."

"ஏன்?"

"வினிகர் வேணாம் மிஸ். போர் அடிக்குது."

பின்னால் நின்ற தோழி தரையைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்ப்பது வழக்கமில்லை.

"என்ன நடந்தது?" என்று அவளைக் கேட்டேன்.

"நான்தான் மிஸ். சும்மா தமாசுக்குச் சொன்னேன். அது கிளாஸ் ஃபுல்லா போயிடுச்சு."

விஷயம் இதுதான். பத்து மடங்கு நீர்த்த வினிகரில் இருபது மில்லி எடுத்து, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை விட்டிருக்கிறார்கள். அமிலம் தீர்ந்ததைக் காட்டும் இண்டிகேட்டரின் நிறம் நான்கு மில்லியில் மாறிவிட்டது. கணக்குப் போட்டால் அமிலம் 1.2 சதவீதம். லேபிளில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தோழி பலகையில் எழுதிய விடையைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, உங்க நைனா கொழாத் தண்ணிய பாட்டில்ல ஊத்தி வித்துகினு கீறாரா?" என்று கேட்டிருக்கிறாள். பக்கத்து பெஞ்சுகள் சிரித்திருக்கின்றன. மதியம் கணக்குக்காரி தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோது யாரோ, "வினிகரா? எனக்கும் ஒரு வாய் குடு" என்றிருக்கிறார்கள்.

"அதுக்காகவா மாத்தணும்?" என்றேன்.

"அதுக்கில்ல மிஸ்," என்றாள் கணக்குக்காரி. "நிஜமா இருந்தா?"

கேலியை அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்குப் போய் அவள் தானாகவே யோசிக்கத் தொடங்கியதுதான் சிக்கல். அமிலத்தின் விலை ஏறிவிட்டது என்று அப்பா போனில் யாரிடமோ புலம்பியது ஞாபகம் வந்தது. விலை ஏறியும் பாட்டில் விலையை அவர் ஏற்றவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. டிரம்மில் தண்ணீர் விடும்போது அவர் அளந்து பார்த்ததாக ஞாபகம் வரவில்லை. அப்பாவிடம் கேட்டாயா என்றேன். இல்லையென்று தலையை ஆட்டினாள். கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாது, அதனால் கேட்கவில்லை.

கணக்கை வாங்கிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அளவீடுகள் இரண்டும் 4.0.

"என்ன இண்டிகேட்டர் போட்டீங்க?"

"மெத்தில் ஆரஞ்சு மிஸ்."

"பினாப்தலீன் ஏன் போடல?"

தோழிக்குக் குரல் திரும்பிவிட்டது. "அதான் தீந்துடுச்சே மிஸ். பத்தாங்கிளாஸ் பொண்ணுங்க மொத்தத்தையும் தூக்கிக்கினு போய்ட்டாங்க. வெள்ளத் துணில 'வருக வருக'ன்னு எழுதி வெச்சிக்கிறாங்க. சோப்புத் தண்ணி அடிச்சா ரோஸ் கலர்ல தெரியுமாம். மேஜிக்காம்."

உண்மைதான். அந்தத் துணி படிக்கட்டில் காய்ந்துகொண்டிருந்தது. இவர்கள் மேஜையில், முந்தைய வாரம் சோடியம் கார்பனேட் செய்முறைக்கு எடுத்த மெத்தில் ஆரஞ்சு மிச்சம் இருந்தது. இண்டிகேட்டர் என்றால் இண்டிகேட்டர் என்று அதையே விட்டுவிட்டார்கள்.

"நிறம் எப்படி மாறியது? ஒரே சொட்டிலா?"

"இல்ல மிஸ்," என்றாள் கணக்குக்காரி. "மெதுவா. செவப்பு, அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். எங்க நிறுத்துறதுன்னே தெரியல."

"அப்புறம் எப்படி ரெண்டு தடவையும் 4.0?"

தோழிதான் சொன்னாள். "மொத வாட்டி 3.4 வந்துது. அடுத்த வாட்டி 4.6. அதான் நடுவுல போட்டோம்."

அந்த இரண்டு எண்களையும் அப்படியே விட்டிருந்தால், சோதனையில் ஏதோ கோளாறு என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். சொட்டு சொட்டாக அளக்கும் இடத்தில் ஒரு மில்லிக்கு மேல் வித்தியாசம் வராது. அதை ஒழுங்காக்கி எழுதியதால், கோளாறு மறைந்து குற்றச்சாட்டு மட்டும் மிஞ்சியது.

வினிகர் வீரியம் குறைந்த அமிலம், மெத்தில் ஆரஞ்சு அதற்குப் பொருந்தாது, வேலை பாதிகூட முடியாத இடத்திலேயே மஞ்சளாகிவிடும் என்று விளக்கினேன். பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, பக்கத்தைக் காட்டினேன். தோழியின் முகம் மலர்ந்தது. கணக்குக்காரியின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

"அப்ப வேற இண்டிகேட்டர் போட்டா நாலு வந்துடுமா மிஸ்?"

"வரலாம். போட்டுப் பார்த்தால்தான் தெரியும்."

"வராம போனா இன்னொண்ணு மாத்துவோமா?"

அதில் கிண்டல் இல்லை. பிடித்த விடை வரும்வரை ஏதாவதொன்றை மாற்றுவது இந்த ஆய்வகத்தில் அவள் கற்றுக்கொண்ட முறை. இப்போது நான் அவள் அப்பாவுக்காக அதையே செய்கிறேன் என்று நினைத்தாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பள்ளிக்கு அந்த ஆண்டுதான் பேனா வடிவத்தில் ஒரு பிஎச் மீட்டர் வாங்கியிருந்தோம். அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் கருவி. அதுவரை பெட்டியிலேயே இருந்தது. நிறம் வேண்டாம், வளைகோடு போடுங்கள் என்றேன். சொட்டுவிட்ட அளவு கிடைக்கோட்டில், மீட்டர் காட்டும் எண் செங்குத்துக் கோட்டில். கோடு எங்கே மிகச் செங்குத்தாக ஏறுகிறதோ அதுதான் சமானப் புள்ளி. அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகத் தீர்ந்த இடம். நிறத்தைப் பார்த்து யாரும் முடிவு செய்யவேண்டியதில்லை.

சற்று யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை வைத்தாள். "நைனா குடுத்த பாட்டில் வேணாம் மிஸ். கடைல வாங்கிக்கினு வரேன்."

"ஏண்டி, வூட்டுல அவ்ளோ பாட்டில் கீதே?" என்றாள் தோழி.

"அது ஸ்கூலுக்குன்னு குடுத்தது."

தோழிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும், கடைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

மறுநாள் மாலை வகுப்பு முடிந்து வந்தார்கள். தள்ளுவண்டிக்காரர்கள் சரக்கு வாங்கும் கடையிலிருந்து ஒரு பாட்டில். அதே லேபிள். மூடியைத் தோழிதான் திறந்தாள். முந்தைய வாரம் நான் வலிமை சரிபார்த்து வைத்திருந்த சோடியம் ஹைட்ராக்சைடைக் கொடுத்தேன். மீட்டரை, பிஎச் எண் முன்பே தெரிந்த இரண்டு தாங்கல் கரைசல்களில் வைத்துச் சரிசெய்தார்கள். பீக்கரில் நீர்த்த வினிகர் இருபது மில்லி, மீட்டரின் முனை மூழ்குவதற்குக் கொஞ்சம் தண்ணீர். தண்ணீர் ஊற்றும்போது கணக்குக்காரியின் கை நின்றது.

"இதுல தண்ணி ஊத்துனா அமிலம் குறையாதா மிஸ்?"

"அடர்த்தி குறையும். உள்ளே இருக்கும் அமிலம் எங்கேயும் போகாது. தீர்ப்பதற்கு அதே அளவு காரம்தான் வேண்டும்."

ஊற்றினாள்.

முதல் ஓட்டத்தில் ஒவ்வொரு மில்லியாக விட்டார்கள். தோழி பியூரெட்டைத் திருகினாள், கலக்கினாள், எண்ணை உரக்கப் படித்தாள். இவள் வரைபடத் தாளில் புள்ளி வைத்தாள். தொடக்கம் 3.1. மூன்று மில்லியில் 4.2, நான்கில் 4.4, ஐந்தில் 4.6. கோடு ஏறக்குறைய படுத்துக்கிடந்தது.

"இங்கதான் நாம நிறுத்துனோம்," என்று நான்காம் மில்லியின் மேல் பென்சிலை வைத்தாள்.

"இங்க ஒண்ணுமே நடக்கலயேடி. கடலு மாதிரி தட்டையா கீது."

"அதான் மஞ்சள் எங்க வந்துதுன்னு தெரியல." என் பக்கம் திரும்பவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டது போலிருந்தது.

பத்து மில்லிவரை அப்படியே ஊர்ந்தது. பன்னிரண்டில் 5.9. பதின்மூன்றில் தோழி எண்ணைப் படிக்காமல் மீட்டரை ஆட்டிப் பார்த்தாள்.

"மிஸ், இது கெட்டுப்போச்சு. பத்து புள்ளி ஆறுன்னு காட்டுது."

"கெடல. எழுது."

பதினான்கில் 11.3. அதற்குமேல் கோடு மறுபடி படுத்துவிட்டது. தாளில் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் ஒரு பெரிய வெற்றிடம். தோழி அளவுகோலை வைத்து இரண்டு புள்ளிகளையும் இணைத்து, "நடுவுல பன்னெண்டரை. முடிஞ்சுது, கெளம்பு" என்றாள்.

"நடுவுல போட்டுத்தானே அன்னிக்கு பேஜாராச்சு," என்றாள் இவள். கோட்டை அழித்தாள். "எங்க ஏறுச்சுன்னு நாம பாக்கல. மறுபடி பண்ணலாம்."

நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், அல்லது திருத்துவதுபோல் இருந்தேன்.

இரண்டாவது ஓட்டத்தில் பன்னிரண்டுவரை வேகமாக விட்டுவிட்டு, அங்கிருந்து 0.1 மில்லி வீதம் போனார்கள். பியூரெட்டில் ஒவ்வொரு சிறு கோடாக. ஒவ்வொரு தடவையும் மீட்டர் நிலைகொள்ளும்வரை காத்திருந்தார்கள். 12.5-ல் 6.4. 12.6-ல் 6.6. 12.7-ல் 6.9.

"அடுத்து ஏழு," என்றாள் தோழி. "ஏழுன்னா நியூட்ரல். அங்க நிறுத்திடலாம், இன்னா?"

"ஏறி முடியல இன்னும். விடு."

12.8-ல் 8.5. தோழி வாயைக் குவித்தாள். 12.9-ல் 10.2. பதின்மூன்றில் 10.6.

வாளியில் கைகழுவிவிட்டு இவள் உட்கார்ந்து கழித்தாள். அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம்: 0.2, 0.3, பிறகு 1.6, 1.7, பிறகு 0.4. உயரமான இரண்டு படிகளும் 12.8-ன் இரண்டு பக்கமும் இருந்தன. அங்கே ஒரு செங்குத்துக் கோட்டைக் கீழே இறக்கினாள். கேள்வி கேட்கப்படுமுன் தோழிக்கு விளக்கினாள்: வினிகரும் காரமும் தீர்ந்த பிறகு மிஞ்சும் உப்பே கொஞ்சம் காரத்தன்மை உள்ளது, அதனால் ஏழில் இல்லை, எட்டரை பக்கத்தில். அது புத்தகத்தில் இருந்த வாக்கியம்தான். ஆனால் தான் இப்போதுதான் பார்த்த ஒன்றைச் சொல்கிறவளின் குரல்.

பிறகு சதவீதத்துக்கு மாற்றினாள். 3.84.

"பாத்தியா! ஒண்ணு ரெண்டு இல்ல. கிட்டத்தட்ட நாலு." தோழி அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள். "சாரிடி. நாளைக்கு கிளாஸ்ல நானே சொல்றேன். பெரிய சவுண்டுல சொல்றேன்."

இவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்ததற்கு அமில நெடியைக் காரணம் சொன்னாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. சிறிது நேரம் கழித்து என்னிடம் கேட்டாள்.

"நாலு இல்லியே மிஸ்."

"இல்லை."

"நம்ம தப்பா, நைனா தப்பா?"

ஒரே பாட்டில், நுட்பமாகச் செய்தது ஒரே ஓட்டம். பிப்பெட்டில் அளந்ததில், நீர் கலந்ததில், மீட்டரில் சிறிது பிசகியிருக்கலாம். பாட்டிலும் உண்மையிலேயே சற்றுக் குறைவாக இருக்கலாம். இதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது என்றேன். சார்ட்டில் நாலு என்று எழுதிவிடலாமே, புள்ளி ஒன்று ஆறுதானே குறைகிறது என்றாள் தோழி. எழுதுவது அவர்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு ஆய்வகத்தைப் பூட்டினேன்.

கண்காட்சியன்று பெரிய சார்ட்டில் வளைகோடு சிவப்பு மையில் ஏறியிருந்தது. கீழே 3.84 சதவீதம். பக்கத்திலேயே, லேபிள்: 4 சதவீதம். நான்காம் மில்லியில் ஒரு அம்புக்குறி போட்டு, 'மெத்தில் ஆரஞ்சு இங்கே ஏமாற்றும்' என்று தோழி எழுதியிருந்தாள். பத்தாம் வகுப்பின் 'வருக வருக' ரோஸ் நிறத்தில் எல்லாக் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டது. வினிகர் மேஜைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அவள் அப்பா மதியத்துக்கு முன் வந்தார். ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தார். மேஜையில் தன் பாட்டிலைப் பார்த்ததும் லேபிள் தெரிகிற மாதிரி அதை லேசாகத் திருப்பி வைத்தார். பிறகு சார்ட்டை நிமிர்ந்து பார்த்தார்.

"இது இன்னாமா, மலையா?"

அவள் விளக்கினாள். அமிலம் இருக்கும்வரை கோடு மெதுவாக ஏறும், தீரும் இடத்தில் சடாரென்று எழும், அந்த ஏற்றம்தான் கணக்கு. அவர் விரலை வைத்துக் கோட்டோடு போனார். அடிவாரத்தில் தொடங்கி, ஏற்றத்தில் ஏறி, மேலே சமதளத்துக்கு.

"அப்போ எவ்ளோ வந்துது?"

"மூணு புள்ளி எட்டு நாலு."

"நாலு போட்டுக்கிறோமே."

"அதான் நைனா. கொஞ்சம் கம்மி. எங்க மெஷர்மென்ட்லயும் இருக்கலாம்."

அவர் மறுக்கவில்லை. "டிரம்முல பெயின்ட்ல கோடு போட்டு வெச்சிக்கிறேன். அது வரிக்கும் தண்ணி ஊத்துவேன். கோடு ஒரு விரல் தடிமன் கீது. கோட்டுக்கு மேல நின்னுதா கீழ நின்னுதான்னு எவன் பாத்தான்." பாட்டிலைக் கையில் எடுத்து அடியைப் பார்த்தார். மூடியின்மேல் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு இருந்தது.

"இது நான் குடுத்த பாட்டில் இல்லியே. கடையில வாங்குனதா?"

"ஆமா."

"பை நெறைய குடுத்தனுப்புனேனே. காசு குடுத்து இன்னாத்துக்கு வாங்குன?"

தோழி முந்திக்கொண்டாள். "அங்கிள், அது வந்து, சயின்ஸ்ல ரேண்டம் சாம்பிள்னு ஒண்ணு கீது. மார்க்கெட்டுல இருந்துதான் எடுக்கணும். ரூல்ஸ் அங்கிள்."

அவர் தோழியைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டடி தள்ளி, பக்கத்து மேஜைக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ரூல்ஸ் இல்ல நைனா," என்றாள் அவள். "மொதல்ல பண்ணப்போ ஒண்ணு புள்ளி ரெண்டு வந்துது. எங்க தப்புதான். ஆனா அப்போ தெரியல. நீ எனக்குன்னு நல்ல பாட்டிலா பாத்து குடுத்துருப்பியோன்னு..."

அரங்கின் மறுகோடியில் யாரோ மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"குடுத்துதான் இருப்பேன்," என்றார் அவர். "இஸ்கூலுக்குப் போறது. புது டிரம்முல இருந்து, நானே கையால அடைச்சு குடுத்தேன்."

அவள் அவர் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்தி ஏமாத்துறேன்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபம் தெரியவில்லை. வருத்தமும் அவ்வளவாகத் தெரியவில்லை. பழக்கமான ஒரு சரக்கின் எடையை இன்னொருவர் சொல்லிக் கேட்டவர்போல நின்றார். பாட்டிலை மேஜையில் வைத்தார். இந்த முறை லேபிளைத் திருப்பவில்லை.

"எங்கிட்ட கேட்டிருந்தா இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார். "நீ நம்பியிருப்பியா?"

"தெரியல நைனா."

"ம்." ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார், பெல்ட்டை மாட்டவில்லை. "டெலிவரி கீது. சாயந்திரம் வரும்போது அந்த மிச்சப் பாட்டிலுங்கள எடுத்துக்கினு வந்துடு. கடைக்குப் போடணும்."

"அதுலயும் ஒண்ண டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு எடுத்துட்டு வரேன்."

வாசல்வரை போனவர் திரும்பினார். மறுப்பார் என்று நினைத்தேன்.

"டிரம்முலயே பண்ணு," என்றார். "பாட்டில்ல பண்ணி இன்னா புண்ணியம்."